கடைசியில் ஒன்றைச் சேர்க்க ஆகும் செலவு O(1)-ஆ, O(n)-ஆ?

சுழி — பிப்ரவரி 11, இரவு 9.12

இன்டர்வியூவில் வந்த கேள்வி. வளரும் அரேயின் கடைசியில் ஒன்றைச் சேர்க்க எவ்வளவு செலவு? O(n) என்றேன். இடம் தீர்ந்தால் பெரிய இடம் வாங்கி, இருக்கிற எல்லாவற்றையும் அங்கே காப்பி செய்யவேண்டும் இல்லையா, அதனால். "சரி, n தடவை சேர்த்தால்?" என்றார். O(n²) என்றேன். அவர் முகம் மாறியது, "அமார்டைஸ்டு கேள்விப்பட்டதில்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஒரு append-க்கு ஒர்ஸ்ட் கேஸ் n. n தடவை செய்தால் n × n. இதில் எந்த அடி தப்பு? அமார்டைஸ்டு என்பது ஆவரேஜ் கேஸுக்கு இன்னொரு பெயர்தானே?

கொத்தமல்லி — பிப்ரவரி 11, இரவு 9.30

ரெண்டும் ஒன்றுதான். மொத்தச் செலவை n-ஆல் வகுத்தால் ஆவரேஜ். பெரும்பாலான append-க்கு 1, எப்போதாவது ஒன்றுக்கு n. அந்த "எப்போதாவது" நடக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அதனால் ஆவரேஜ் O(1). இவ்வளவுதான் விஷயம், இதற்குப் பயப்படுகிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

மடக்கை — பிப்ரவரி 11, இரவு 10.05

"வாய்ப்பு" எங்கிருந்து வந்தது? append-ல் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. 16 இடம் இருக்கிறது, 16-ம் நிரம்பியிருக்கிறது என்றால் 17-வது append கண்டிப்பாகக் காப்பி செய்யும். 10-வது append கண்டிப்பாகச் செய்யாது. எது எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுக் கொடுத்துவிடலாம்.

சுழி, உங்கள் முதல் அடி சரி. ஒரு append-க்கு ஒர்ஸ்ட் கேஸ் O(n) என்பதில் யாரும் குறை சொல்ல முடியாது. O(n²) என்பதும் பொய் இல்லை, தேவைக்கு மேல் மிகப் பெரிய மேல் எல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு append-ம் தனித்தனியாக மோசமாக இருக்க முடியும் என்றால், எல்லா append-ம் சேர்ந்தே மோசமாக இருக்க முடியும் என்று எடுத்துக்கொண்டீர்கள். அது முடியாது. ஒரு தடவை காப்பி நடந்துவிட்டால் அடுத்த காப்பி வர நிறைய append ஆகவேண்டும்.

எண்ணிப் பார்த்துவிடுங்கள். கொள்ளளவு 1-ல் ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குகிறோம். 17 append. 2-வது append-ல் 1 காப்பி, 3-வதில் 2, 5-வதில் 4, 9-வதில் 8, 17-வதில் 16. மொத்தக் காப்பி 31. புதிதாக எழுதியது 17. ஆக 48. உங்கள் கணக்குப்படி 17 × 17 = 289.

வேண்டுமென்றே 17-ல் நிறுத்தினேன், பெரிய காப்பி ஒன்று அப்போதுதான் முடிந்திருக்கிறது, செலவு உச்சத்தில் இருக்கும் இடம். அங்கேகூட 3 × 17 = 51-ஐத் தாண்டவில்லை. வேறு எங்கே நிறுத்தினாலும் தாண்டாது.

மடக்கை — பிப்ரவரி 11, இரவு 10.21

நம்பிக்கை இல்லாதவர்கள் ஓட்டிப் பார்க்க:

```python
def count(n, grow):
    cap, size, copies = 1, 0, 0
    for _ in range(n):
        if size == cap:
            copies += size
            cap = grow(cap)
        size += 1
    return copies

print(count(17, lambda c: c * 2))   # 31
```

கொத்தமல்லி — பிப்ரவரி 11, இரவு 10.40

48-ஐ 17-ஆல் வகுக்கிறீர்களா இல்லையா? வகுத்தால் அது ஆவரேஜ். பெயரை மாற்றினால் கணக்கு மாறிவிடாது.

இன்னொன்று. உங்கள் கோடில் `c * 2`-க்குப் பதில் `c * 3 // 2` போட்டேன், ஜாவா மாதிரி. லட்சம் append-க்கு மொத்தக் காப்பி 1. ஒன்றே ஒன்று! எல்லோரும் ஏன் இரட்டிப்பாக்குகிறார்கள் என்று தெரியவில்லை 😀

பழைய சி — பிப்ரவரி 11, இரவு 11.02

1 × 3 // 2 எவ்வளவு தம்பி? 1. கொள்ளளவு வளரவே இல்லை. ஆனால் size 2 ஆகிவிட்டது, அதற்கப்புறம் `size == cap` என்பது ஜென்மத்துக்கும் உண்மையாகாது. இது எண்ணிக்கை மட்டும் என்பதால் 1 என்று சமர்த்தாகச் சொல்கிறது. இதையே சி-யில் உண்மையான அரேக்கு எழுதியிருந்தால் அடுத்தவன் மெமரியில் எழுதிக்கொண்டே போயிருப்பாய். ஜாவாவின் ArrayList பாதி கூட்டுவது உண்மைதான், ஆனால் வழக்கமாக 10-ல் ஆரம்பிக்கிறது, அதற்கும் கீழே இருந்தால் குறைந்தது ஒன்றாவது கூடும்படி பார்த்துக்கொள்கிறது. `c * 3 // 2 + 1` போட்டு ஓட்டிப் பார்.

கொத்தமல்லி — பிப்ரவரி 11, இரவு 11.09

பார்த்தேன். இப்போது லட்சக்கணக்கில் வருகிறது. சரி, அது போகட்டும். ஆவரேஜ் விஷயத்தில் என் கட்சி மாறவில்லை.

மடக்கை — பிப்ரவரி 12, காலை 7.15

கொத்தமல்லி, வகுக்கிறோம் என்பது சரி. எதன் மேல் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமார்டைஸ்டில் ஒரே அரேயின் மேல் வரிசையாக நடந்த செயல்களின் மேல் வகுக்கிறோம். ஆவரேஜ் கேஸில் வரக்கூடிய இன்புட்களின் மேல் வகுக்கிறோம், எந்த இன்புட் எவ்வளவு அடிக்கடி வரும் என்று ஒரு அனுமானத்தை வைத்துக்கொண்டு. அனுமானம் பொய்யானால் விடையும் போச்சு.

குவிக்சார்ட்டை எடுங்கள். முதல் உறுப்பையே பிவட்டாக எடுக்கும் சாதாரண வடிவம். கலைந்து கிடக்கும் எண்கள் வந்தால் n log n. ஏற்கெனவே வரிசையாக இருப்பதைக் கொடுத்தால் n². உங்கள் மேல் கோபம் இருப்பவர் வேண்டுமென்றே வரிசையான பட்டியலைக் கொடுக்கலாம், கோபமே இல்லாத டேட்டாபேஸும் கொடுக்கும். ஆவரேஜ் கேஸ் என்றால் "நல்லபடியாக வரும் என்று எதிர்பார்க்கிறோம்" என்பதுதான்.

append-ல் எந்த எதிரி எந்த மதிப்பைக் கொடுத்தாலும் n append-க்கு 3n-க்குள் முடியும். அது உத்தரவாதம். சொல்லப்போனால் அமார்டைஸ்டு எல்லையும் ஒர்ஸ்ட் கேஸ் வகைதான், ஒரு செயலுக்குச் சொல்லாமல் ஒரு தொடருக்கு மொத்தமாகச் சொல்கிறது.

மடக்கை — பிப்ரவரி 12, காலை 7.48

பஸ்ஸில் யோசித்தது, மேலே விட்டுவிட்டேன். append-க்கே உண்மையான ஆவரேஜ் கேஸ் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்போதுதான் ஏன் எல்லோரும் குழம்புகிறார்கள் என்று தெரியும்.

1 முதல் 1024 வரை ஏதோ ஒரு நீளத்தில் ஒரு அரே நம் கைக்கு வருகிறது, எல்லா நீளமும் சமவாய்ப்பு. அதில் ஒரே ஒரு append. எந்த நீளங்களில் காப்பி நடக்கும்? 1, 2, 4, 8 என்று 1024 வரை, மொத்தம் 11 நீளங்களில் மட்டும். அவற்றின் கூட்டல் 2047. 1024-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2. இதிலும் மாறிலிதான் வருகிறது. விடை ஒன்றாக இருப்பதால் கருத்தும் ஒன்று என்று தோன்றிவிடுகிறது.

இப்போது அனுமானத்தை உடையுங்கள். ஏதோ ஒரு சென்சாரிலிருந்து தரவு எப்போதும் 1024 துண்டாகவே வருகிறது, ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் நீங்கள் ஒரு செக்சம் சேர்க்கிறீர்கள். ஒவ்வொரு முறையும், விதிவிலக்கே இல்லாமல், 1024 காப்பி. ஆவரேஜ் 2 என்றது 1024 ஆகிவிட்டது. ஆனால் அமார்டைஸ்டு கணக்கு அசையவில்லை. ஏன் என்றால் அந்த அரே வானத்திலிருந்து விழவில்லை, 1024 append செய்துதான் உருவானது. 1025 செயலுக்கு மொத்தக் காப்பி 2047. அதே 3n-க்குள்.

நள்ளிரவு டிப்ளாய் — பிப்ரவரி 12, காலை 11.20

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. என் பைத்தான் ஸ்கிரிப்டில் இதே பிரச்சினைதான். ஒரு லிஸ்டில் வேலைகளை append செய்கிறேன், முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கிறேன். சில ஆயிரம் வரை ஓடுகிறது, சில லட்சம் ஆனால் படுத்துவிடுகிறது. இந்த ரீசைஸ் காப்பியை ஆஃப் பண்ண வழி இருக்கிறதா?

பழைய சி — பிப்ரவரி 12, காலை 11.31

முன்னாலிருந்து எடுப்பது என்றால் `pop(0)`-ஆ?

நள்ளிரவு டிப்ளாய் — பிப்ரவரி 12, காலை 11.33

ஆமாம்.

பழைய சி — பிப்ரவரி 12, காலை 11.40

append-ஐத் திட்டாதீர்கள், அது பாவம். `pop(0)` ஒவ்வொரு தடவையும் மீதியுள்ள எல்லாவற்றையும் ஒரு இடம் முன்னால் நகர்த்தும். எப்போதாவது ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். பெரிய செலவுக்கு அப்புறம் நிறைய மலிவான செயல்கள் வந்தால்தான் பகிர்ந்துகொள்ள முடியும், இங்கே மலிவான ஒன்றுமே இல்லை. `collections.deque` எடுத்து `popleft()` போடுங்கள்.

நள்ளிரவு டிப்ளாய் — பிப்ரவரி 12, மதியம் 12.15

டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. நன்றி சார். deque-ல் நடுவில் ஒன்றை இன்டெக்ஸ் போட்டு எடுப்பது மெதுவாக இருக்கிறதே, அது தனிக் கதையா?

பழைய சி — பிப்ரவரி 12, மதியம் 12.18

தனிக் கதை. நடுவில் கை வைக்காதீர்கள்.

சுழி — பிப்ரவரி 12, இரவு 8.50

மடக்கையின் கணக்கு புரிந்தது. ஆனால் பைத்தான் உண்மையில் இரட்டிப்பாக்குகிறதா என்று பார்க்க இதை ஓட்டினேன் (3.12, 64-பிட்):

```python
import sys
a, last = [], 0
for i in range(60):
    a.append(i)
    s = sys.getsizeof(a)
    if s != last:
        print(len(a), s)
        last = s
```

நீளம் 1, 5, 9, 17, 25, 33, 41, 53 ஆகும்போது அளவு மாறுகிறது. 9-லிருந்து 41 வரை பாருங்கள், எட்டெட்டாகத்தான் போகிறது. இரட்டிப்பே இல்லை. நிலையான எண்ணைக் கூட்டிக்கொண்டே போனாலும் O(1) வருமா? வராது என்றுதான் நினைத்தேன்.

மடக்கை — பிப்ரவரி 12, இரவு 9.25

நல்ல கண். முதலில் உங்கள் சந்தேகத்துக்குப் பதில்: நிலையான எண்ணைக் கூட்டினால் வராது. மேலே உள்ள `count`-ஐயே வைத்துப் பாருங்கள். லட்சம் append, ஒவ்வொரு முறையும் 10 இடம் கூட்டினால் காப்பி 49,99,60,000, அதாவது ஏறக்குறைய ஐம்பது கோடி. இரட்டிப்பாக்கினால் 1,31,071. பத்தை ஆயிரமாக்கினால் தப்பிக்கலாமே என்று தோன்றும். லட்சத்துக்கு ஐம்பது லட்சம் காப்பி, பரவாயில்லை போலத்தான் இருக்கும். பத்து லட்சத்துக்குப் போங்கள், மறுபடியும் ஐம்பது கோடி. n பத்து மடங்கானால் செலவு நூறு மடங்கு. கூட்டும் எண்ணைப் பெரிதாக்கினால் வியாதி தள்ளிப்போகும், தீராது.

பைத்தானுக்கு வருவோம். அது தேவையான நீளத்தோடு அதன் எட்டில் ஒரு பங்கையும் 6-ஐயும் கூட்டி, நான்கின் மடங்குக்குக் கீழே இறக்குகிறது. சிறிய லிஸ்டில் அந்த 6-தான் ஆட்டம் போடும், எட்டில் ஒரு பங்கு என்பது 1, 2, 3 என்று சில்லறையாக இருக்கும். அதனால்தான் எட்டெட்டாகத் தெரிகிறது. 41-க்கு அப்புறம் 53 வந்தது பாருங்கள், அங்கேயே இடைவெளி 12 ஆகிவிட்டது. 60-ல் நிறுத்தாமல் பத்து லட்சம் வரை ஓட்டுங்கள். லட்சத்தின் பக்கத்தில் ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சுமார் 12,500 append இருக்கும்.

இரட்டிப்பு என்பது வேதவாக்கு இல்லை. ஏதோ ஒரு விகிதத்தில் வளர்ந்தால் போதும். விகிதம் சிறிதானால் காப்பி கூடும், வீணாகும் இடம் குறையும். 2-ல் ஒரு உறுப்புக்கு அதிகபட்சம் சுமார் 2 காப்பி, ஒன்றரையில் 3, பைத்தானின் 1.125-ல் 9 வரை போகலாம். 9 என்றால் அதிகமாகத் தெரியும், ஆனால் லிஸ்ட் வைத்திருப்பது 8 பைட் சுட்டிகள் மட்டும்தான், அதற்கு மேல் realloc பல சமயம் இருந்த இடத்திலேயே நீட்டிக்கொடுத்துவிடும், காப்பியே நடக்காது.

பழைய சி — பிப்ரவரி 12, இரவு 10.10

நிலையான எண்ணைக் கூட்டும் அசடு எவன் என்று கேட்காதீர்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் சி++ கோடில் கண்ணெதிரே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர் வேகமாக்கத்தான் எழுதியிருந்தார்:

```cpp
for (auto& b : batches) {
    v.reserve(v.size() + b.size());
    v.insert(v.end(), b.begin(), b.end());
}
```

பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறது. ஜிசிசி-யில் `reserve` கேட்ட அளவை அப்படியே கொடுக்கும், ஒரு இடம்கூட அதிகம் வைக்காது. ஆக ஒவ்வொரு பேட்சுக்கும் v முழுவதும் காப்பி. பேட்சில் பத்துப் பத்தாக வந்தால் மடக்கை சொன்ன ஐம்பது கோடிதான். அந்த `reserve` வரியை எடுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. `insert` தானாகவே விகிதத்தில் வளர்க்கும், நாம்தான் குறுக்கே புகுந்து கெடுத்திருக்கிறோம். மொத்த எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தால் லூப்புக்கு வெளியே ஒரு தடவை `reserve`. தெரியாவிட்டால் சும்மா இருங்கள்.

கண்டுபிடிப்பது எளிது. `v.capacity()` மாறும்போதெல்லாம் அப்போதைய `size()`-ஐ அச்சிடுங்கள். வரவர இடைவெளி விரிந்துகொண்டே போனால் ஆரோக்கியம். சம இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால் எங்கேயோ யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கொத்தமல்லி — பிப்ரவரி 13, காலை 9.05

இது எனக்கும் வேண்டும், எங்கள் கோடில் `reserve` தேடினால் ஏகப்பட்டது வருகிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தாளக்கட்டு — பிப்ரவரி 13, காலை 10.44

ஆடியோவில் வேலை செய்கிறவன். O(1) O(1) என்று எல்லோரும் கொண்டாடுவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

48,000 சாம்பிள் ரேட், 256 சாம்பிள் பஃபர். ஒரு பஃபரை நிரப்ப எனக்குக் கிடைப்பது 5.33 மில்லிசெகண்ட். அதற்குள் முடியாவிட்டால் ஸ்பீக்கரில் "டப்" என்று சத்தம் வரும், கேட்கிறவர் காதைப் பொத்துவார். பஃபரை நிரப்பும் கால்பேக்கினுள் ஒரு `push_back`. ஆயிரக்கணக்கான தடவை ஒன்றும் ஆகாது. ஒரு தடவை வெக்டர் நிரம்பி, புது மெமரி கேட்டு, எல்லாவற்றையும் நகர்த்தி வருவதற்குள் 5.33 போய்விடும். "மொத்தமாகப் பார்த்தால் மலிவு" என்று அந்த டப் சத்தத்திடம் போய்ச் சொல்ல முடியுமா?

எனக்கு வேண்டியது ஒர்ஸ்ட் கேஸ் மட்டும்.

மடக்கை — பிப்ரவரி 13, மதியம் 1.30

உங்கள் எரிச்சல் நியாயம். மொத்த வேலை எப்போது முடியும் என்று கேட்பவருக்கு அமார்டைஸ்டு போதும். ஒவ்வொரு செயலும் எப்போது முடியும் என்று கேட்பவருக்கு அதில் ஒரு பதிலும் இல்லை. சர்வர் ஆட்களும் உங்கள் கட்சிதான், ஆவரேஜ் அழகாக இருக்கும், p99.9 வரைபடத்தில் மட்டும் கொம்பு முளைத்திருக்கும்.

முன்கூட்டியே ஒதுக்கிவிடுவதுதான் நீங்கள் செய்வது என்று நினைக்கிறேன். உச்ச வரம்பே தெரியாது என்றால் இன்னொரு வழி உண்டு: நிரம்பியதும் பெரிய அரேயை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகர்த்தாமல், அடுத்தடுத்த append ஒவ்வொன்றிலும் பழையதிலிருந்து ஒன்றிரண்டை மட்டும் நகர்த்துவது. புதியது நிரம்புவதற்குள் பழையது காலியாகிவிடும். ரெடிஸ் தன் ஹாஷ் டேபிளை இப்படித்தான் வளர்க்கிறது, இரண்டு டேபிளை வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக மாற்றும். விலை என்னவென்றால், படிக்கும்போது "பழையதிலா புதியதிலா" என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கவேண்டும், இரண்டும் மெமரியில் நீண்ட நேரம் கிடக்கும்.

தாளக்கட்டு — பிப்ரவரி 13, மதியம் 1.52

பெரிய அரேயை ஒதுக்குவதே malloc தானே? அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? காப்பியை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாக வரும். கால்பேக்கில் malloc-க்கே இடம் கிடையாது, அதுதான் எங்கள் ஊர் சட்டம்.

மடக்கை — பிப்ரவரி 13, மதியம் 2.03

மறுக்கவில்லை. நான் எண்ணுவது காப்பியை மட்டும்தான்.

சுழி — பிப்ரவரி 13, இரவு 9.15

இன்னொரு சந்தேகம். 3n என்று சொன்னீர்கள். 17-க்கு எண்ணினால் வருகிறது, எல்லா n-க்கும் வரும் என்று எப்படி நம்புவது? கூட்டுத்தொடர் போடாமல் சொல்ல முடியுமா?

மடக்கை — பிப்ரவரி 13, இரவு 9.50

ஒவ்வொரு append-க்கும் மூன்று ரூபாய் வசூலியுங்கள். ஒரு ரூபாய், எழுதுவதற்கு உடனே செலவு. மீதி இரண்டை உண்டியலில் போடுங்கள். ஒரு காப்பிக்கு ஒரு ரூபாய்.

கொள்ளளவு 4-லிருந்து 8 ஆன கணத்தில் நில்லுங்கள், உண்டியல் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 4 இருக்கிறது, 4 இடம் காலி. அந்த 4 இடமும் நிரம்ப 4 append வேண்டும், ஆளுக்கு 2 என்று 8 ரூபாய் சேரும். இப்போது 8 உறுப்புகளை நகர்த்தவேண்டும், சரியாக 8 ரூபாய் இருக்கிறது. புதிதாக வந்த ஒவ்வொன்றும் தனக்கு ஒரு ரூபாயும், முன்பே வந்து காசு தீர்ந்துபோன பழையவர் ஒருவருக்கு ஒரு ரூபாயும் கட்டுகிறது. 8-க்குப் பதில் எந்த அளவைப் போட்டாலும் இதேதான். உண்டியல் ஒருபோதும் கடனில் போகாது என்று காட்டிவிட்டால் நிரூபணம் முடிந்தது.

ராபர்ட் டார்ஜன் 1985-ல் இந்த முறைக்குப் பெயர் வைத்து எழுதிய கட்டுரையிலேயே வங்கிக்காரர் கோணம், இயற்பியலாளர் கோணம் என்று இரண்டு உண்டு. இது வங்கிக்காரருடையது.

கொத்தமல்லி — பிப்ரவரி 14, காலை 8.40

உண்டியல் நன்றாக இருக்கிறது. அப்படியானால் இடம் வீணாகாமல் இருக்க, பாதி ஆனதும் அரேயைச் சுருக்கிவிட்டால்? இரட்டிப்பாக வளர்கிறது, பாதியாகச் சுருங்கட்டும். சமச்சீராக இருக்கும்.

பழைய சி — பிப்ரவரி 14, காலை 8.58

சமச்சீராகச் சாகும். 16 இடம், 16-ம் நிரம்பியிருக்கிறது. ஒரு append: 32 ஆகிறது, 16 காப்பி. ஒரு pop: உள்ளே 16, அதாவது பாதி, உடனே 16-க்குச் சுருக்கு, 16 காப்பி. மறுபடி append, 16 காப்பி. போடு, எடு, போடு, எடு என்று ஒருவன் விளையாடினால் ஒவ்வொரு செயலும் முழுக் காப்பி. உண்டியலில் இரண்டு ரூபாய் சேர்வதற்குள் 16 கேட்கிறாய்.

மடக்கை — பிப்ரவரி 14, காலை 9.20

கால் பங்கு ஆகும்வரை பொறுங்கள், அப்போது பாதியாகச் சுருக்குங்கள். 32 இடத்தில் 8 ஆனதும் 16-க்குச் சுருக்கினால் 8 காலி இடம் கிடைக்கும். அடுத்த காப்பி வர ஒன்று 8 append ஆகவேண்டும், இல்லை இன்னும் 4 pop ஆகவேண்டும். எந்தப் பக்கம் போனாலும் உண்டியல் நிரம்ப அவகாசம் இருக்கிறது.

பைத்தான் பாதிக்குக் கீழே போனால் சுருக்கத்தான் செய்கிறது, ஆனால் எட்டில் ஒரு பங்கு உபரி விட்டுச் சுருக்கும், அதனால் எல்லையிலேயே நின்று ஆடாது. சி++ வெக்டர் `pop_back`-ல் சுருக்கவே சுருக்காது, ஜாவாவும் `remove`-ல் அப்படித்தான்.

append மட்டும் இருந்தால் O(1) என்று நிரூபித்ததை, pop-ம் சேர்ந்தபின் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எந்தெந்தச் செயல்கள் தொடரில் வரலாம் என்பதும் கணக்கின் பகுதி.

சுழி — பிப்ரவரி 14, இரவு 10.30

இப்போது கோ கற்றுக்கொண்டிருக்கிறேன். இதைப் பாருங்கள்:

```go
a := make([]int, 1000000)
for i := 0; i < 1000; i++ {
    _ = append(a, i)
}
```

a நிரம்பியிருக்கிறது. ஒவ்வொரு append-ம் பத்து லட்சத்தையும் காப்பி செய்கிறது. ஆயிரம் append, நூறு கோடி காப்பி. மூன்று ரூபாய் எங்கே போனது?

கொத்தமல்லி — பிப்ரவரி 14, இரவு 10.41

ஆஹா. உத்தரவாதம், எந்த எதிரியாலும் முடியாது என்றெல்லாம் சொன்னார்களே.

மடக்கை — பிப்ரவரி 14, இரவு 11.15

ஒரே உண்டியலை ஆயிரம் தடவை உடைக்கிறார். a-வில் சேர்ந்த காசு ஒரு தடவை நகர்த்தத்தான் போதும். ஒவ்வொரு முறையும் வந்த புது அரேயைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய நிரம்பிய a-வுக்கே திரும்பிப்போகிறார். `a = append(a, i)` என்றால் முதல் முறை மட்டும் காப்பி, மற்ற 999-ம் மலிவு. பழைய நிலைக்குத் திரும்பிப்போக முடியாது, தொடர் முன்னோக்கியே போகும் என்பதை நானும் சொல்லாமலே வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டேன். பழைய பதிப்புகளை எல்லாம் உயிரோடு வைத்திருக்கும் தரவு அமைப்புகளில் இந்த உண்டியல் முறை அப்படியே செல்லாததற்கும் இதுதான் காரணம்.

கொத்தமல்லி — பிப்ரவரி 14, இரவு 11.24

அப்படியென்றால் அதுவும் ஒரு அனுமானம்தானே? ஆவரேஜ் கேஸில் இன்புட் பற்றிய அனுமானம், இதில் பயன்படுத்துகிறவரைப் பற்றிய அனுமானம்.

மடக்கை — பிப்ரவரி 14, இரவு 11.40

அனுமானம் என்பதைவிட நிபந்தனை என்பேன். கோடைப் படித்தே நிறைவேறுகிறதா என்று சொல்லிவிடலாம், நாளைக்கு என்ன தரவு வரும் என்று ஜோசியம் பார்க்கவேண்டியதில்லை. நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும்.

கொத்தமல்லி — பிப்ரவரி 14, இரவு 11.43

பாதி ஒத்துக்கொள்கிறேன்.

பழைய சி — பிப்ரவரி 15, காலை 6.50

சுழி, அந்த கோ கோடில் செலவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் இன்னொன்றைப் பார். a நிரம்பாமல், கடைசியில் ஒரு இடம் காலியாக இருந்தால் `x := append(a, 1)`, `y := append(a, 2)` இரண்டும் அதே ஒரு இடத்தில்தான் எழுதும். x-ன் கடைசியிலும் 2 இருக்கும். காப்பி நடந்தால் மெதுவு, நடக்காவிட்டால் தப்பான விடை. நிரம்பிய a-வை வைத்து டெஸ்ட் எழுதியிருந்தால் பாஸ் ஆகும்.